சுமை ஏற்றினால் வளைவு குறையும்

கோணலாக எடுத்த ஒரு கைப்பேசிப் படம். பொறியியல் இயக்கவியல் வினாத்தாளின் ஒரு பக்கம் அதில் தெரிகிறது. தாளை நான்காக மடித்துப் பையில் வைத்த தடம் குறுக்கே ஓடுகிறது. படம் எடுத்தவரின் நிழல் வலப்பக்கத்தை மங்கலாக்கியிருக்கிறது. தேர்வு முடிந்த மாலையில் மாணவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் படங்கள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். நடுவில் நீளமாக ஒரு கிடைக்கோடு. அதன் இடது முனைக்குக் கீழே ஒரு முக்கோணம். வலது முனைக்குச் சற்று முன்பாக ஒரு சிறு வட்டம். முக்கோணத்துக்கும் வட்டத்துக்கும் நடுவே கோட்டின்மேல் நெருக்கமாக இறங்கும் அம்புகள். வட்டத்தைத் தாண்டி நீண்டிருக்கும் கடைசி முனையில் தனியாக ஒரு பெரிய அம்பு. கீழே 6 மீ, 2 மீ என்று இரண்டு அளவுகள்.

கேள்வி இரண்டே வரி. தாங்கிகளில் எழும் எதிர்விசைகளைக் கண்டுபிடி. பென்டிங் மொமென்ட் படம் வரைந்து, அது உச்சமாகும் இடத்தையும், வளைவு திசை மாறும் புள்ளியையும் குறி.

பத்து மதிப்பெண் கேள்விக்கு உரிய சாதாரணப் படம்தான். ஆனால் இந்த ஏழெட்டுக் கோடுகளுக்குள், ஒரு வீட்டின் வெளியே நீட்டிய பால்கனி எப்படி நிற்கிறது, எப்போது விழும் என்பது முழுவதும் அடங்கியிருக்கிறது. அதை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்போம்.

கிடைக்கோடுதான் பீம், உத்திரம் என்றும் சொல்லலாம். அதன் அகலமும் உயரமும் படத்தில் இல்லை. மரமா, எஃகா, கான்கிரீட்டா என்பதும் இல்லை. கேள்வியைத் தயாரித்தவர் மறந்துவிட்டார் என்று நினைக்க வேண்டாம். இந்தக் கேள்விக்கு அவை தேவையே இல்லை. தேக்கு மரம் போட்டாலும் எஃகு போட்டாலும் தாங்கிகளுக்குப் போய்ச்சேரும் விசை ஒன்றேதான். ஏன் என்பதற்கான பதில் அந்த முக்கோணத்திலும் வட்டத்திலும் இருக்கிறது.

முக்கோணம் ஒரு கீல். கதவின் கீலைப் போல அது பீமைத் திரும்ப விடும். மேலே கீழே போகவோ பக்கவாட்டில் நகரவோ விடாது. ஆக அதனிடமிருந்து இரண்டு விசைகள் வரலாம்: ஒன்று நிமிர்ந்தது, ஒன்று கிடையானது. வட்டம் ஓர் உருளை. அது பீமைக் கீழே இறங்க விடாது. பக்கவாட்டில் தாராளமாக நகர விடும். எனவே அங்கே ஒரே ஒரு விசை. மொத்தம் மூன்று தெரியாத எண்கள். ஒரு தளத்தில் அசையாமல் நிற்கும் பொருளுக்கு இயக்கவியல் தரும் சமன்பாடுகளும் சரியாக மூன்று: மேலும் கீழும் விசைகள் ஈடாக வேண்டும், இடமும் வலமும் ஈடாக வேண்டும், எந்தப் புள்ளியைச் சுற்றியும் திருப்பம் ஈடாக வேண்டும். மூன்றுக்கு மூன்று. பொருளின் குணத்தைக் கேட்காமலே விடை வந்துவிடுகிறது. கீழே மூன்றாவதாக ஒரு தாங்கியைச் சொருகிப் பாருங்கள். தெரியாதவை நான்காகிவிடும், சமன்பாடு மூன்றுதான் இருக்கும். அப்போதுதான் பீம் எவ்வளவு விறைப்பானது, எது எவ்வளவு அமுங்கும் என்ற கேள்விகள் எல்லாம் உள்ளே நுழையும்.

உருளை தேர்வுத்தாளுக்காகக் கண்டுபிடித்த வசதியும் அல்ல. 8 மீட்டர் எஃகு பீம் 30 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் நீளும். இரண்டு முனையையும் இறுக்கிவிட்டால் அந்த 3 மில்லிமீட்டர் போக இடமின்றித் தாங்கிகளைத் தள்ளும். ஒரு பக்கம் நகர விட்டால் பீம் தன்பாட்டுக்கு நீண்டு சுருங்கிக்கொள்ளும். அதனால்தான் பாலங்களில் ஒரு முனையில் உருளையோ வழுக்கும் தாங்கியோ வைக்கிறார்கள்.

இனி அம்புகள். நெருக்கமாக இறங்கும் வரிசைக்குச் சீராகப் பரவிய சுமை என்று பெயர், மாணவர்கள் யு.டி.எல். என்பார்கள். அதன்மேல் 10 kN/m என்று எழுதியிருக்கிறது, அதாவது ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் 10 கிலோநியூட்டன். ஒரு கிலோநியூட்டன் என்பது சுமார் நூறு கிலோ எடை என்று வைத்துக்கொண்டால், மீட்டருக்கு ஒரு டன். பீமின்மேல் ஒன்பது அங்குலச் செங்கல் சுவரை ஏறக்குறைய ஏழடி உயரத்துக்குக் கட்டினால் இந்தச் சுமைதான் வரும். 6 மீட்டருக்கு மொத்தம் 60 கிலோநியூட்டன். கடைசி முனையில் நிற்கும் தனி அம்பு 15 கிலோநியூட்டன், அதாவது ஒன்றரை டன்.

எதிர்விசை கண்டுபிடிப்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. கிடையாகத் தள்ளும் சுமை எதுவும் இல்லாததால் கீலின் கிடைவிசை பூஜ்யம். மிச்சமுள்ள தெரியாதவை இரண்டையும் ஒரே நேரத்தில் துரத்தக் கூடாது. வலத் தாங்கியின் மேலேயே நின்றுகொண்டு, அந்தப் புள்ளியைச் சுற்றி எந்தெந்த விசை எவ்வளவு திருப்புகிறது என்று பார்க்க வேண்டும். அந்தத் தாங்கியின் விசை அதே புள்ளி வழியே போவதால் அதற்குத் திருப்பும் வலிமை இல்லை. கணக்கிலிருந்து தானாக விலகிவிடும். பரவிய 60 கிலோநியூட்டனும் அதன் நடுப்புள்ளியில், அதாவது தாங்கியிலிருந்து 3 மீட்டர் இடப்பக்கம், குவிந்திருப்பதாகக் கொள்ளலாம். முனைச் சுமை 2 மீட்டர் வலப்பக்கம், எதிர்த் திசையில் திருப்புகிறது.

```
இடது × 6 = 60 × 3 − 15 × 2 = 150
இடது = 25
வலது = 60 + 15 − 25 = 50
```

இடத் தாங்கி 25 கிலோநியூட்டன், வலத் தாங்கி 50. சரிபார்க்க, இடத் தாங்கியில் நின்றுகொண்டு இதையே திரும்பச் செய்யுங்கள்: 60 × 3 உடன் 15 × 8 சேர்த்தால் 300, அதை 6ஆல் வகுத்தால் 50. இப்படி இரண்டாவது முறை பார்க்க அரை நிமிடம் போதும். இங்கே விழும் பிழை கீழே வரும் எல்லா எண்ணிலும் தொற்றும் என்பதால் அந்த அரை நிமிடத்தை விடவே கூடாது.

இந்த இரண்டு எண்களில் ஒரு விநோதம் ஒளிந்திருக்கிறது. முனைச் சுமை இல்லாமல் சுவர் மட்டும் இருந்தால் இரண்டு தாங்கியும் ஆளுக்கு 30 சுமக்கும். இப்போது முனையில் 15 ஏற்றினோம். வலத் தாங்கியின் பங்கு 30இலிருந்து 50 ஆகிவிட்டது. ஏற்றியது 15, கூடியது 20! மிச்சம் 5 எங்கிருந்து வந்தது? இடத் தாங்கியிடமிருந்து. வெளியே நீட்டிய முனையைக் கீழே அழுத்தும்போது பீம் வலத் தாங்கியின்மேல் திரும்பப் பார்க்கிறது; இடது முனை மேலே எழ முயல்கிறது; அங்கே இருந்த பாரம் 30இலிருந்து 25 ஆகக் குறைகிறது. முனையில் ஏற்றும் ஒவ்வொரு 3 கிலோநியூட்டனுக்கும் இடத் தாங்கி ஒன்றை இழக்கிறது. ஆக முனைச் சுமை 90ஐத் தொட்டால் இடத் தாங்கியில் பாரமே இருக்காது. அதற்கு மேல் போனால் பீமின் இடது முனையைப் போல்ட் போட்டுக் கீழே பிடித்துவைக்க வேண்டும். வெறுமனே சுவர்மேல் உட்கார்ந்திருக்கும் பீம் எழும்பிவிடும். உள்ளே போதிய பாரம் இல்லாமல் வெளியே நீட்டிய சன்ஷேடு கவிழ்வது இப்படித்தான்.

பீமுக்கு வெளியே நடப்பது இத்துடன் முடிந்தது. உள்ளே என்ன நடக்கிறது? கண்ணுக்குத் தெரியாத அந்த விசைகளைப் பார்க்கப் பொறியாளர்கள் கையாளும் வழி எளிமையானது: மனத்துக்குள் பீமை ஓரிடத்தில் வெட்டு. இடப்பக்கத் துண்டை மட்டும் கையில் எடு. அது உண்மையில் அசையாமல் நிற்கிறது. அப்படியானால் வெட்டிய முகத்தின் வழியாக மற்றத் துண்டு அதற்கு எதையோ கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும். என்ன கொடுக்கிறது என்பதை ஈடுசெய்து கண்டுபிடி.

இடது முனையிலிருந்து 1 மீட்டரில் வெட்டுவோம். துண்டின்மேல் தாங்கி 25 மேலே தள்ளுகிறது. ஒரு மீட்டர் சுவர் 10 கீழே அழுத்துகிறது. 15 மிச்சம். வெட்டுமுகம் அந்த 15ஐக் கீழ்நோக்கித் தந்து ஈடுகட்ட வேண்டும். பீமைக் குறுக்கே நறுக்கப் பார்க்கும் இந்த விசைதான் வெட்டு விசை. வகுப்பில் ஷியர் ஃபோர்ஸ். வெட்டும் இடத்தை வலப்பக்கம் நகர்த்த நகர்த்த அது மீட்டருக்குப் பத்தாகக் குறைகிறது. சரியாக 2.5 மீட்டரில் பூஜ்யம்.

அந்த 2.5 மீட்டர்தான் இந்தப் பீமின் மிக முக்கியமான இடம். அங்கே வெட்டிய துண்டைப் பாருங்கள். மேலே தள்ளும் விசை 25. கீழே அழுத்தும் சுவரும் 2.5 மீட்டருக்கு 25. இரண்டும் சமம். வெட்டுமுகத்திலிருந்து எந்த விசையும் வேண்டாம்போல் தோன்றும். ஆனால் அந்த இரண்டு விசைகளும் ஒரே கோட்டில் இல்லை. தாங்கி துண்டின் ஓரத்தில் தள்ளுகிறது. சுவரின் எடை துண்டின் நடுவில், 1.25 மீட்டர் தள்ளி, அழுத்துகிறது. சமமான இரண்டு விசைகள் எதிரெதிராக, 1.25 மீட்டர் இடைவெளியில். துண்டு சுழலப் பார்க்கும். அந்தச் சுழற்சியின் அளவு 25 × 1.25, அதாவது 31.25 கிலோநியூட்டன் மீட்டர். அதைத் தடுக்க, வெட்டுமுகம் அதே அளவு எதிர்த் திருப்பத்தைத் தந்தாக வேண்டும். பீமை வளைக்கும் இந்தத் திருப்புத்திறன்தான் பென்டிங் மொமென்ட். ஒரு மீட்டர் நீளக் கம்பியின் ஒரு முனையைச் சுவரில் பதித்து, மறு முனையில் மூன்று டன்னுக்கு மேல் தொங்கவிட்டால் சுவருக்குள் என்ன திருப்பம் வருமோ, அது.

உச்சம் ஏன் வெட்டு விசை பூஜ்யமாகும் இடத்தில் வருகிறது என்பதும் இங்கேயே விளங்கிவிடுகிறது. வெட்டுமுகத்தைச் சிறிது நகர்த்தினால் மொமென்ட் எவ்வளவு மாறும்? அந்த இடத்து வெட்டு விசையை நகர்த்திய தூரத்தால் பெருக்கும் அளவு மாறும். வெட்டு விசை நேர்மதிப்பாக இருக்கும்வரை மொமென்ட் ஏறிக்கொண்டே போகும், எதிர்மதிப்பானதும் இறங்கும், நடுவில் பூஜ்யத்தில் உச்சி. இதன் துணையோடு சமன்பாடே எழுதாமல் விடை காணலாம். வெட்டு விசைப் படத்தில் முதல் 2.5 மீட்டர் ஒரு முக்கோணம்: அடி 2.5, உயரம் 25, பரப்பு 31.25. அதே எண்! அடுத்த 3.5 மீட்டரில் வெட்டு விசை கீழிறங்கி 35 எதிர்மதிப்பை அடைகிறது. அந்த முக்கோணத்தின் பரப்பு 61.25. கழித்தால், வலத் தாங்கியின் மேலே மொமென்ட் −30. தாங்கியைத் தாண்டியதும் வெட்டு விசை 50 தாவி 15 ஆகிறது. 2 மீட்டருக்கு அதன் பரப்பு 30. −30உடன் 30 சேர்ந்தால் கடைசி முனையில் பூஜ்யம். காற்றில் நிற்கும் முனையில் வளைக்க ஒன்றுமில்லை; அங்கே பூஜ்யம் வந்தே ஆக வேண்டும். வராவிட்டால் வழியில் எங்கோ தப்பு. தன் பிழையைத் தானே காட்டிக்கொடுக்கும் கணக்கு என்பதால் எனக்கு இதன்மேல் தனிப் பிரியம்.

நேர்மதிப்பு, எதிர்மதிப்பு என்று சொன்னோமே, அந்தக் குறிக்குப் பொருள் என்ன? நேர்மதிப்பு உள்ள இடத்தில் பீம் நடுவில் தொய்கிறது, சிரிக்கும் வாயைப் போல. எதிர்மதிப்பு உள்ள இடத்தில் முதுகு மேலே எழுந்து வளைகிறது, சுளித்த வாயைப் போல. நம் பீம் இடப்பக்கம் சிரிக்கிறது, வலத் தாங்கியின் மேலே சுளிக்கிறது. நடுவில் ஓரிடத்தில் சிரிப்பும் இல்லை சுளிப்பும் இல்லை. அதுதான் வளைவு திசைமாறும் புள்ளி; பாடநூலில் கான்ட்ராஃபிளெக்சர். இடது முனையிலிருந்து எத்தனை மீட்டரில்? தாங்கி விசையின் திருப்பமும் சுவர் எடையின் திருப்பமும் அங்கே ஈடாகின்றன: தூரத்தை x என்றால், 25x = 5x². விடை 5 மீட்டர். வலத் தாங்கிக்கு ஒரு மீட்டர் முன்பு.

அந்தப் புள்ளியில் பீமுக்கு வளைவைத் தாங்கும் வேலையே இல்லை. அப்படியானால் அங்கே பீமை அறுத்து ஒரு கீல் வைத்தால்? இந்தச் சுமைக்குப் பீம் எதையும் உணராது. ஹைன்ரிஷ் கெர்பர் என்ற ஜெர்மானியப் பொறியாளர் இந்த எண்ணத்தைப் பாலமாக்கினார். பல தாங்கிகள்மேல் தொடர்ந்து ஓடும் நீளமான பாலத்தில், வளைவு திசைமாறும் இடங்களை ஒட்டிக் கீல்களை வைத்தார். கீல் வைத்ததும் தெரியாத எண்கள் குறைந்தன. நம் வினாத்தாள் பீமைப் போலவே மூன்று சமநிலை விதிகளால் முழுப் பாலத்தையும் கணக்கிட முடிந்தது. நடுவில் ஒரு தூண் சிறிது புதைந்து இறங்கினாலும் பாலத்துக்குள் புதிய வளைவு விசைகள் எழவில்லை. 1866இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். 1867இல் ஜெர்மனியின் ஹாஸ்ஃபுர்ட் ஊரில் மைன் ஆற்றின்மேல் அப்படி ஒரு பாலம் எழுந்தது. இன்றும் அவ்வகைப் பீமைக் கெர்பர் பீம் என்றே சொல்கிறார்கள்.

இப்போது மங்கலான அந்தப் படத்துக்குத் திரும்புவோம். மடிப்புத் தடம் 10 kN/m என்பதன்மேலே ஓடுகிறது என்று வையுங்கள். /m மறைந்து, 10 kN மட்டும் தெரிகிறது. பார்ப்பவர் மொத்தச் சுமையே 10 கிலோநியூட்டன் என்று எடுத்துக்கொள்கிறார். கணக்குப் போட்டால்: வலது 25, இடது பூஜ்யம். விடை எவ்வளவு அழகாக, முழு எண்ணாக வருகிறது! தசமப் புள்ளி வராவிட்டால் விடை சரி என்று நம்பும் பழக்கம் மாணவர்களிடம் பரவலாக உண்டு. இங்கே அந்த நம்பிக்கை காலை வாரிவிடும்.

அப்படியானால் தப்பு எப்படித் தெரியும்? கேள்வியின் இரண்டாவது வரி காட்டிக்கொடுக்கிறது. இடத் தாங்கியில் விசையே இல்லையென்றால் இடப்பக்கத் துண்டை மேலே தள்ள எதுவும் இல்லை. சுவரின் எடை மட்டும் கீழே அழுத்துகிறது. பீம் தொடக்கம் முதல் கடைசிவரை சுளித்துக்கொண்டேதான் இருக்கும். வளைவு திசைமாறும் புள்ளி என்று நடுவில் ஒன்றுமே இருக்காது. ஆனால் கேள்வி அந்தப் புள்ளியைக் கேட்கிறதே! ஆக நாம் படித்தது தவறு. /m எங்கோ ஒளிந்திருக்கிறது. நெருக்கமான அம்புகளே இதற்கு இன்னொரு சாட்சி. அப்படி வரையும் சுமைக்கு அலகு பெரும்பாலும் மீட்டருக்கு இவ்வளவு என்றுதான் இருக்கும். தனி அம்புக்குத்தான் வெறும் கிலோநியூட்டன்.

இன்னொரு பொறி நிழலில் இருக்கிறது. அந்த நெருக்கமான அம்புகள் வட்டத்தோடு நின்றனவா, கடைசி முனைவரை ஓடினவா? ஓடியிருந்தால் மொத்தப் பரவிய சுமை 80 ஆகும். இடத் தாங்கி 21.67, வலத் தாங்கி 73.33, தாங்கியின் மேலே மொமென்ட் −50. இதிலும் வளைவு திசைமாறும் புள்ளி உண்டு, இடது முனையிலிருந்து 4.33 மீட்டரில். ஆக இம்முறை கேள்வியின் சொற்கள் உதவாது. எண்கள் அழகில்லாமல் வருகின்றன என்பதையும் ஆதாரமாகக் கொள்ள முடியாது. படத்தைப் பெரிதாக்கி, அம்புகளின் வால்களை இணைக்கும் மேல்கோடு எங்கே முடிகிறது என்று பார்ப்பதே வழி. அது வட்டத்துக்கு நேர்மேலே செங்குத்தாக இறங்கி மூடிக்கொண்டால் சுமை அங்கே நிற்கிறது. கோணலாக எடுத்த படத்தில் அளவுகோல் வைத்து நீளம் அளப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். கேமராவுக்கு அருகில் உள்ள மீட்டர் பெரிதாகவும் தொலைவில் உள்ள மீட்டர் சிறிதாகவும் தெரியும். போதாததற்கு மூலப் படமே அளவுக்கு வரையப்பட்டதாக இருக்காது. எழுதிய எண்ணை மட்டும் நம்ப வேண்டும்.

சரி, 31.25 கிடைத்தது. அதை வைத்து என்ன செய்வது? அந்தத் திருப்பத்தைப் பீமின் உடல் எப்படித் தாங்குகிறது என்பது நீண்ட நாள் புதிராக இருந்தது. கலிலியோ 1638இல் வெளியான தன் நூலில், சுவரில் செருகிய மர உத்திரத்தின் முனையில் பாரம் தொங்குவதை எடுத்துக்கொண்டு ஆராய்ந்தார். உத்திரத்தின் அகலத்தை இரட்டித்தால் வலிமை இரண்டு மடங்கு, உயரத்தை இரட்டித்தால் நான்கு மடங்கு என்று சரியாகக் கண்டார். அளவுகோல் தட்டையாகப் பிடித்தால் எளிதில் முறிவதும் குத்தாகப் பிடித்தால் தாங்கி நிற்பதும் அதனால்தான். ஆனால் வெட்டுமுகம் முழுவதும் இழுவிசையில் இருப்பதாகவும், அது கீழ் விளிம்பைச் சுற்றித் திரும்புவதாகவும் நினைத்தார். உண்மையில் முகத்தின் ஒரு பாதி இழுபடும்போது மறு பாதி நசுங்குகிறது. நடுவில் இரண்டும் இல்லாத ஓர் அடுக்கு. அவர் வழிப்படி கணக்கிட்டால், மீள்தன்மையுள்ள பீமுக்கு இன்றைய வாய்பாடு தருவதைவிட மூன்று மடங்கு வலிமை வரும். நூற்றாண்டுக்கும் மேலாகப் பலர் கைவைத்த இந்தக் கணக்கை, 1773இல் பிரெஞ்சு ராணுவப் பொறியாளர் கூலும் தெளிவாக ஒழுங்குபடுத்தினார். மின்னூட்டங்களின் விதிக்காக நாம் பள்ளியில் படிக்கும் அதே கூலும்தான்.

நம் பீமைக் கான்கிரீட்டில் செய்ததாகக் கொள்வோம். வீடுகளில் சாதாரணமாகப் போடும் அளவு: அகலம் 230 மில்லிமீட்டர், உயரம் 450. தொய்வு உச்சமாகும் இடத்தில் மேற்பகுதிக் கான்கிரீட் நசுங்குகிறது, கீழ்ப்பகுதி இழுபடுகிறது. கான்கிரீட்டுக்கு இழுவிசை தாங்காது, வெடித்துவிடும். அந்த வேலையைக் கீழே பதித்த முறுக்குக் கம்பி ஏற்றுக்கொள்கிறது. மேலே நசுங்கும் விசைக்கும் கீழே கம்பியின் இழுவிசைக்கும் நடுவே, இந்த அளவுப் பீமில் ஏறத்தாழ 0.375 மீட்டர் இடைவெளி கிடைக்கும். வெளியே 1.25 மீட்டர் இடைவெளியில் இருந்த 25 கிலோநியூட்டன் இணை, உள்ளே 0.375 மீட்டர் இடைவெளியில் ஈடாக வேண்டும். இடைவெளி குறைந்த அளவுக்கு விசை பெருகும்: 31.25ஐ 0.375ஆல் வகுத்தால் சுமார் 83 கிலோநியூட்டன். எட்டரை டன் இழுவை! 16 மில்லிமீட்டர் கம்பி இரண்டு அதைத் தாங்கும். ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரும் சுமார் 207 நியூட்டன் இழுபடும். இன்று கடைகளில் கிடைக்கும் 500 தரக் கம்பி விட்டுக்கொடுப்பது 500ஐ ஒட்டித்தான். மேலே நிற்பது ஆறு டன் சுவர். அந்தச் சுவரின் எடையைவிடப் பெரிய இழுவை, கட்டைவிரல் தடிமனுள்ள இரண்டு கம்பிகளுக்குள் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது.

வினாத்தாளில் போட்ட கழித்தல் குறியின் முழு எடையும் வலத் தாங்கியின் மேலேதான் தெரியும். அங்கே −30. அளவில் 31.25க்கு ஏறக்குறைய சமம், ஆனால் திசை தலைகீழ். பீம் முதுகை வளைக்கிறது. இப்போது இழுபடுவது மேற்புறம். கம்பி மேலே இருக்க வேண்டும். 5 மீட்டர் புள்ளியிலிருந்து கடைசி முனைவரை, அதாவது பீமின் வலக்கோடியிலுள்ள 3 மீட்டரில், கீழே எத்தனை கம்பி போட்டாலும் அவை இந்த வளைவைத் தடுக்காது. படத்தில் குறியை மாற்றிப் போட்டால் மாணவருக்கு இரண்டு மதிப்பெண் போகும். கட்டடத்தில் மாற்றிப் போட்டால் நீட்டிய பகுதி தாங்கியை ஒட்டி மேலே விரிசல் விட்டு மடங்கி விழும். குறியைச் சரியாகப் போட்ட பிறகும் இது நடப்பதுண்டு. மேலே கட்டிய கம்பிகளின்மேல் நடந்தபடியே கான்கிரீட் கொட்டுவார்கள். கம்பி மிதிபட்டுக் கீழே இறங்கிவிடும். பால்கனி ஸ்லாப் போன்ற மெல்லிய பலகையில் ஐந்து சென்டிமீட்டர் இறங்கினாலே இடைவெளி பாதியாகிவிடும், கம்பியின் இழுவை இரட்டிப்பாகும். ஆகவேதான் மேல்கம்பிக்கு அடியில் கம்பி நாற்காலிகளை வைத்துத் தாங்கச் சொல்கிறார்கள். கொட்டுவதற்குமுன் அந்த நாற்காலிகள் இருக்கின்றனவா என்று வீட்டுக்காரரே குனிந்து பார்த்துவிடலாம். கம்பியைக் கணக்கில் வந்த புள்ளியோடு நறுக்கிவிடவும் கூடாது. கான்கிரீட்டைப் பற்றிக்கொள்ளச் சிறிது நீளம் வேண்டும். அதனால் மேல்கம்பிகள் 5 மீட்டர் புள்ளியைத் தாண்டி இன்னும் உள்ளே போக வேண்டும்.

வினாத்தாள் சொல்லாமல் விட்டவையும் உண்டு. பீமின் சொந்த எடையை அது கணக்கில் எடுக்கவில்லை. நம் கான்கிரீட் பீம் மீட்டருக்கு 2.6 கிலோநியூட்டன் கனக்கும். மேலே நிற்கும் சுவரில் கால் பங்குக்குமேல். கம்பிக் கணக்கில் அதையும் சேர்த்தாக வேண்டும்.

அதைவிடப் பெரிய விடுபாடு ஒன்று. நடுவிலுள்ள உச்ச மொமென்ட் 31.25 ஆனது முனைச் சுமையின் தயவால். முனையில் எதுவும் இல்லாமல் சுவர் மட்டும் இருந்தால் நடுவில் 45 வரும். முனையில் 15 கிலோநியூட்டன் ஏற்றியதும் அந்த 45, 31.25ஆகக் குறைந்தது, உச்சம் வரும் இடமும் 3 மீட்டரிலிருந்து 2.5 மீட்டருக்கு நகர்ந்தது. பாரத்தைக் கூட்டியதால் நடுப்பகுதியின் வளைவு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. பீமை இருபுறமும் தாங்கியைத் தாண்டிச் சிறிது நீட்டுவது சிக்கனமான ஏற்பாடு ஆவதற்கும் இதுவே காரணம்: நடுவில் ஒரே பக்கமாகக் குவியும் வளைவை நடுவுக்கும் தாங்கிக்கும் பங்கிட்டுவிடுகிறது.

ஆனால் அந்த முனைச் சுமை என்றும் அங்கே இருக்குமா? வினாத்தாளில் அது அச்சடித்த அம்பு, நகராது. வீட்டில் அது பால்கனியின் தண்ணீர்த் தொட்டியாக இருக்கலாம். ஒரு நாள் காலியாகும். அப்போது 31.25க்குக் கணக்கிட்டுப் போட்ட கம்பிகள்மேல் 45 வந்து நிற்கும். ஆகவே கட்டடப் பொறியாளர் இந்தப் படத்தை ஒரு தடவை வரைந்து நிறுத்துவதில்லை. முனைச் சுமை இருப்பதாக ஒரு படம், இல்லாததாக இன்னொரு படம். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, ஒவ்வொரு இடத்திலும் எது மோசமோ அதை எடுக்கிறார். நடுவில் கீழ்க்கம்பி 45க்கு, வலத் தாங்கியின் மேலே மேல்கம்பி 30க்கு. இரண்டும் ஒரே நாளில் சேர்ந்து வரப்போவதில்லை என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் பீமின் சொந்த எடையையும் பாதுகாப்புக்கான பெருக்கத்தையும் சேர்த்த பிறகு, இரண்டுக்கும் தனித்தனியாகக் கம்பி போட்டுத்தான் ஆக வேண்டும்.